சந்தை அசையாது என்று ஸ்ட்ராடில் விற்கலாமா?

"அடுத்த மூன்று வாரம் சந்தை பெரிதாக நகராது என்று நினைக்கிறேன். ஒரே ஸ்ட்ரைக்கில் கால், புட் இரண்டையும் விற்கலாமா? எந்த விலை வரை நஷ்டம் வராது? மேலே போனால் நஷ்டத்துக்கு எல்லையே இல்லை என்கிறார்களே, ஏன்?"

விற்கலாம், ஆனால் மேல்பக்கத்தைத் திறந்தே விடாதீர்கள்.

குறியீடு 1000 புள்ளியில் நிற்கிறது என்று வையுங்கள். 1000 ஸ்ட்ரைக்கில் கால் 24, புட் 21. இரண்டையும் விற்றால் கைக்கு வருவது 45 புள்ளி. இதுதான் உங்கள் உச்ச லாபம். எக்ஸ்பைரி அன்று குறியீடு சரியாக 1000-இல் முடிந்தால்தான் அது முழுதாகக் கிடைக்கும். அங்கிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு புள்ளி லாபம் கரையும். ஆக 955, 1045 இரண்டும் பிரேக் ஈவன். கமிஷனும் வரியும் இந்த இடைவெளியை இன்னும் கொஞ்சம் சுருக்கும்.

பலர் இடறுவது இங்கேதான். அந்த இரண்டு எண்களும் எக்ஸ்பைரி நாளுக்கு மட்டுமே. மூன்றாம் நாளே குறியீடு 1030-க்குப் போய், சந்தையில் பதற்றமும் கூடினால், கால் 43, புட் 11 என்று விலை வரலாம். இரண்டையும் திரும்ப வாங்க 54 வேண்டும். பிரேக் ஈவனுக்குள் இருந்துகொண்டே 9 புள்ளி நஷ்டம். தரகர் கூடுதல் மார்ஜினும் கேட்பார். உங்கள் கணிப்பு கடைசியில் சரியாகவே இருந்தாலும், அதுவரை தாக்குப்பிடிக்கக் கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

இனி எல்லையில்லா நஷ்டம். கால் விற்றவர், தன்னிடம் இல்லாத ஒன்றை 1000-க்குத் தருவதாக ஒப்புக்கொண்டவர். குறியீடு 1120 ஆனால் 120 கொடுக்க வேண்டும். வாங்கிய 45 போக நஷ்டம் 75. 1300 ஆனால் 255. விலை இதற்கு மேல் ஏறாது என்று எந்தக் கோடும் கிடையாது, அதனால் நஷ்டத்துக்கும் கிடையாது. கீழ்ப்பக்கம் அப்படியல்ல, குறியீடு பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாது. அதிகபட்சம் 1000 கழித்தல் 45, அதாவது 955. அதுவும் கணக்கைத் துடைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஸ்டாப்லாஸ் போட்டால் போதாதா என்று தோன்றும். இரவில் செய்தி வந்து மறுநாள் 1090-இல் திறந்தால், 1045-க்கு நீங்கள் வைத்த ஸ்டாப்லாஸ் 1090-க்கு உரிய விலையில்தான் நிறைவேறும். குறிப்பாக ஒற்றைப் பங்கு என்றால், எக்ஸ்பைரிக்கு முன் காலாண்டு முடிவு வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிரீமியம் கொழுத்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

நானாக இருந்தால் 1060 கால் ஒன்றை 5 புள்ளிக்கு வாங்கிச் சேர்ப்பேன். வரவு 40 ஆகக் குறையும், பிரேக் ஈவன் 960, 1040 என்று நெருங்கும். ஆனால் எக்ஸ்பைரியில் குறியீடு எவ்வளவு ஏறியிருந்தாலும் மேல்பக்க நஷ்டம் 60 கழித்தல் 40, வெறும் 20 புள்ளி. கீழ்ப்பக்கத்துக்கும் இதேபோல் 940 புட் வாங்கலாம். அதன் விலையைக் கழித்த பிறகு மிஞ்சும் பிரீமியம் போதவில்லை என்று தோன்றினால், இந்த முறை ஸ்ட்ராடிலை விட்டுவிடுங்கள்.