கணக்கு மட்டும் வராத பிள்ளைக்கு எந்தப் பாதை?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளின் மதிப்பெண் பட்டியலையும், அவளுடைய பெரியப்பா எழுதி அனுப்பிய மூன்று பக்கக் கடிதத்தையும் படித்தேன். தமிழில் 93, ஆங்கிலத்தில் 86, சமூக அறிவியலில் 88, கணிதத்தில் 19. பத்தாம் வகுப்புக்கு உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்து, பதினொன்றாம் வகுப்பில் உயிரியல்-கணிதப் பிரிவு எடுக்கவைத்து, கணினிப் பொறியியலுக்கு அனுப்பலாம் என்கிறார் பெரியப்பா. பள்ளியோ அவளை மெதுவாகக் கற்கும் பிள்ளைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. சென்ற வாரம் உங்கள் மனைவி கண்கலங்கியபோது, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னேன். இப்போது அதைச் சொல்ல மாட்டேன். பெரியப்பாவின் யோசனை, பள்ளியின் கணிப்பு இரண்டுமே தவறு. நான் சந்தேகிப்பது டிஸ்கால்குலியா, அதாவது எண்ணையும் கணக்கையும் மட்டும் பாதிக்கும் கற்றல் குறைபாடு.

அன்று உங்கள் மகளிடம் வேலூர் புரட்சி எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டேன். யோசிக்காமல் 1806 என்றாள். பெருங்கிளர்ச்சி? 1857. இரண்டுக்கும் நடுவே எத்தனை ஆண்டுகள் என்று கேட்டதும், மேசைக்கு அடியில் விரல்களை மடக்கத் தொடங்கினாள். இரண்டு நிமிடம் கழித்து, "தெரியவில்லை சார்" என்றாள். பிறகு நான்கு புள்ளிகள் போட்ட அட்டையை ஒரு நொடி காட்டி மறைத்தேன். மூன்று நான்கு பொருள்கள் வரை நாம் எண்ணுவதில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். அவளோ அட்டையை மறுபடி காட்டச் சொல்லி ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணினாள். இந்த இரண்டு காட்சிகளும் எனக்கு அந்த 19 மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்லின.

மூளை எண்ணை ஒரே இடத்தில் வைத்திருப்பதில்லை. 1806 என்பதை ஒரு பெயரைப் போல நினைவில் வைத்துச் சொல்வது மொழி சார்ந்த வேலை. அது எவ்வளவு, எதைவிடப் பெரியது, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று உணர்வது வேறு வேலை. தலையின் மேற்பகுதியில், சற்றுப் பின்னால், இருபுறமும் உள்ள பரைட்டல் பகுதியின் ஒரு மடிப்பு அந்த இரண்டாவது வேலையில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இன்ட்ராபரைட்டல் சல்கஸ் என்பது அதன் பெயர். 2, 9 ஆகியவற்றில் எது பெரியது என்று சட்டெனச் சொல்லும் நாம் 8, 9 என்றால் ஒரு கணம் தாமதிப்போம். எண்கள் நெருங்க நெருங்க இந்த மடிப்பின் உழைப்பு கூடும். டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைகளிடம் இந்த ஏற்ற இறக்கம் வலப்பக்கத்தில் தென்படவில்லை என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவர்களில் பத்து வயதுப் பிள்ளைகள் புள்ளிக் கூட்டங்களை ஒப்பிடும் நுட்பத்தில் ஐந்து வயதுக் குழந்தைகளின் அளவில் இருந்தார்கள் என்று 2010இல் மற்றோர் ஆய்வு சொன்னது. உங்கள் மகளிடம் எண்ணின் பெயர் இருக்கிறது, அதன் அளவு நிற்கவில்லை. அதனால்தான் எட்டுடன் ஐந்தைக் கூட்ட இன்றும் ஒன்றிலிருந்து தொடங்குகிறாள்.

பொதுவான கற்றல் சிரமம் இப்படி இருப்பதில்லை. அங்கே வாசிப்பு, புரிதல், சொல்வளம், கணக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தாழ்ந்திருக்கும்; பாடத்தை எளிதாக்கி, வேகத்தைக் குறைத்தால் எல்லாப் பாடங்களிலும் பலன் தெரியும். உங்கள் மகளுக்கு வேகத்தைக் குறைத்தால் தமிழ் வகுப்பில் சலிப்பாள், கணக்கு அப்படியே இருக்கும்.

பள்ளி காட்டிய நுண்ணறிவுச் சோதனையில் அவளுக்கு 84 வந்ததைச் சொல்லி வருந்தினீர்கள். அந்தச் சோதனையிலேயே கணக்குக்கு ஒரு பகுதி உண்டு, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியும் உண்டு. அவை இரண்டும் மொத்தத்தைக் கீழே இழுத்திருக்கின்றன. சொல்வளத்திலும் ஒப்புமை காண்பதிலும் அவள் வயதுக்கு மேலேயே நிற்கிறாள். மொத்த எண்ணை மட்டும் படித்தவர்தான் அவளை மெதுவாகக் கற்பவள் என்று எழுதியிருக்கிறார். மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் முழு மதிப்பீடு செய்யுங்கள். கவனக் குறைபாடும் பதற்றமும் கணக்கைக் கெடுக்கக்கூடியவை. வாசிப்புச் சிக்கலும் டிஸ்கால்குலியாவுடன் சேர்ந்து வரலாம். ஆகவே அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூளை ஸ்கேன் எடுக்க வேண்டாம். ஆய்வுகள் சொல்வது குழுக்களின் சராசரி வேறுபாடு. தனி ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து டிஸ்கால்குலியா என்று யாராலும் சொல்ல முடியாது. அபாகஸ் வகுப்புக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம்; அது வேகத்தைப் பழக்கும், இவளுக்குக் குறைவாக இருப்பது வேகமல்ல. உறைவிடப் பள்ளிக்காக நகையை அடகு வைக்கவே வேண்டாம். பத்துக் கட்டச் சட்டத்தில் புளியங்கொட்டை வைத்து, எட்டுக்கு இரண்டு சேர்த்தால் சட்டம் நிறைகிறது, ஐந்தில் மீதி மூன்று வெளியே நிற்கிறது என்று கண்ணால் காணும்படி தினமும் 15 நிமிடம் செய்தால் போதும். கடையில் மீதிச் சில்லறை பார்க்கும் அளவுக்கு அவளைக் கொண்டுவருவதுதான் நோக்கம்.

பத்தாம் வகுப்புக்கு நீங்கள் யோசிக்காத வழி ஒன்று உண்டு. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள் போதும். ஒரு மொழியாவது இருக்க வேண்டும், கணிதம் கட்டாயமில்லை. உங்கள் மகள் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல், உளவியல், ஓவியம் என்று எடுக்கலாம். 14 வயது நிறைந்தால் சேரலாம், அவளுக்கு நிறைந்துவிட்டது. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு தேர்வுகள். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுதலாம். இரண்டு பாடங்களை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றை அடுத்த பருவத்தில் எழுதவும் தடையில்லை. தேர்ச்சிக்கு 33 சதவீதம். அரசு தரும் சான்றிதழ் இது, குறுக்குவழி அல்ல.

இதன் விலையையும் மறைக்க மாட்டேன். கணிதம் இல்லாத பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக், பொறியியல் கதவுகள் மூடும். திறந்தநிலைச் சான்றிதழைக் கண்டால் தயங்கும் மேல்நிலைப் பள்ளிகளும் உண்டு; ஆகவே பதினொன்றாம் வகுப்பில் வரலாறு உள்ள கலைப் பிரிவு தரும் பள்ளியிடம் இப்போதே எழுத்தில் பதில் வாங்குங்கள். அவள் இப்போதைய பள்ளியை விட்டு வர மறுத்தால், அங்கேயே இருக்கட்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மதிப்பீடு முடிந்தபின் அரசு மருத்துவக் குழுவின் சான்றோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கணிதத் தேர்வை எழுதியே ஆக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

அரசு வேலைக்குக் கணக்கு வேண்டுமே என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். தமிழ்நாடு தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 25 மட்டுமே திறனறி கணக்கு, 100 தமிழ். அந்த 25ஐ இழந்தும் ஒருவர் போட்டியில் நிற்கலாம்.

அவள் வரலாறு படிக்க விரும்புகிறாள். என்னிடம் சொன்னாள், உங்களிடம் சொல்லத் தயங்குகிறாள். ஆண்டுகளை மறக்காதவள்; அவற்றின் இடைவெளியை மட்டும் காகிதத்தில் கோடு கிழித்துக் குறித்துக்கொள்வாள், அதில் தவறில்லை. வரும் சனிக்கிழமை அவளையும் அழைத்து வாருங்கள். பெரியப்பா வந்தாலும் சரி, ஆனால் முதலில் பேச வேண்டியவள் அவள்.