டிராகோனிக் சக்கரத்தில் ராசிகள் எல்லாம் மாறுவது ஏன்?

கேள்வி: லாஹிரி அயனாம்சப்படி என் ஜாதகத்தில் லக்னம் மகரம் 26 பாகை, சூரியன் மகரம் 22, சந்திரன் சிம்மம் 20, சனி தனுசு 5, ராகு மீனம் 2. டிராகோனிக் சக்கரம் போட்டுப் பார்த்தால் சூரியன் கும்பத்துக்கும் சந்திரன் கன்னிக்கும் சனி மகரத்துக்கும் போய்விடுகின்றன. ஆன்மாவின் உள்நோக்கத்தை இது காட்டும் என்கிறார்கள். அப்படியானால் உள்ளுக்குள் நான் முற்றிலும் வேறு ஆளா?

பதில்: இல்லை. உங்களுக்குத் தெரியும் மாற்றத்தில் பெரும்பகுதி, இரண்டு வெவ்வேறு அளவுகோல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டதால் வந்தது.

டிராகோனிக் சக்கரத்தின் கணக்கு எளிது. ராகு நிற்கும் இடத்தை மேஷம் 0 பாகையாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அங்கிருந்து எண்ண வேண்டும். மேஷத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் உங்கள் சூரியன் 292ஆம் பாகை, ராகு 332ஆம் பாகை. 292இலிருந்து 332 போகாது. எனவே 360 கூட்டிக் கழித்தால் 320. அதுவே கும்பம் 20. எல்லாக் கிரகங்களும் ஒரே அளவு நகர்வதால் அவற்றுக்கு இடையிலான பார்வைகளும் கோணங்களும் மாறுவதில்லை. மாறுவது ராசி மட்டுமே.

இந்தச் சக்கரத்துக்கு அயனாம்சம் தேவையில்லை. அயனாம்சத்தைக் கழிக்காமல் கணக்கிடும் சாயன முறையில் உங்கள் சூரியன் கும்பம் 16, ராகு மீனம் 26. கழித்துப் பாருங்கள், அதே கும்பம் 20தான் வரும். சூரியனோடு சேர்த்தே ராகுவும் நகர்வதால் அயனாம்சத்தின் 24 பாகையும் கழிந்துபோகிறது.

சிக்கல் ஒப்பிடும்போதுதான் தொடங்குகிறது. டிராகோனிக் முறை நம் பாரம்பரிய ஜோதிடத்தில் உள்ளதன்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டன் ஜோதிடர் பமேலா கிரேன் போன்றவர்கள் வளர்த்த மேற்கத்திய முறை அது. அவர்கள் பிறப்புச் சக்கரத்தைச் சாயனத்தில் போட்டு, அதன்மீது டிராகோனிக் சக்கரத்தை வைத்துப் படிக்கிறார்கள். நீங்கள் ஒப்பிட்டது அயனாம்சத்தைக் கழித்துப் போடும் நிராயண ஜாதகத்தோடு. சாயனத்தில் உங்கள் சூரியன் ஏற்கெனவே கும்பத்தில்தான் இருக்கிறது. சந்திரனும் கன்னி 14இல் இருக்கிறது. டிராகோனிக் சக்கரம் அவற்றை நான்கே பாகை நகர்த்துகிறது. இந்த முறையின் வழக்கப்படி, உங்கள் வெளி இயல்பும் உள்நோக்கமும் பெரும்பாலும் ஒரே திசையில் போகின்றன என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

உண்மையிலேயே ராசி மாறுவது சனி. சாயனத்தில் அது தனுசு 29. டிராகோனிக்கில் மகரம் 3. தனுசுச் சனியை, தான் நம்புவதை வெளியே சொல்லத் தயங்குபவரின் அடையாளமாகப் படிப்பார்கள். மகரச் சனிக்கு அந்தத் தயக்கம் மையமன்று. எடுத்த பொறுப்பை முடித்துக் கொடுப்பதே அதன் நோக்கம். கருத்துச் சொல்லத் தயங்கிக்கொண்டே, யாரும் கேட்காத வேலைகளையும் தோளில் சுமந்துகொள்கிறீர்களா? இந்த ஒரு கேள்வியை உங்கள் வாழ்க்கையோடு உரசிப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஜாதகத்துக்காக உங்களை வளைக்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. உங்கள் சாயன லக்னம் கும்பம் 20. டிராகோனிக் சூரியன் சரியாக அதன்மேல் வந்து அமர்கிறது. உள்நோக்கம் ஒளிந்துகொள்ளாமல் முகத்திலும் நடையிலும் தெரியும் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். ராசி மாற்றத்தைவிட இத்தகைய தொடர்புகளுக்கே நான் எடை கொடுப்பேன். ஏனென்றால் ராகு ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாகைதான் நகர்கிறது. நீங்கள் பிறந்த மாதத்தில் பிறந்த எல்லோருக்கும் கிட்டத்தட்ட இதே நான்கு பாகை நகர்வுதான். லக்னத்தின்மேல் விழும் தொடர்பு அப்படியல்ல; அது பிறந்த நேரத்தைப் பொறுத்தது.

அதனால்தான் அது எளிதில் பொய்த்தும் போகும். லக்னம் சராசரியாக நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. மருத்துவமனையில் நேரத்தைக் கால் மணி தோராயமாகக் குறித்திருந்தால் இந்தத் தொடர்பே இருக்காது. ராகுவிலும் இரண்டு கணக்குகள் உண்டு. மென்பொருளில் Mean Node, True Node என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் சில நாட்களில் ஒன்றரைப் பாகைக்கு மேலும் வித்தியாசம் வரும். இரண்டிலும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். இரண்டிலுமே டிராகோனிக் சூரியன் லக்னத்துக்கு ஒன்றிரண்டு பாகைக்குள் நின்றால் அந்தத் தொடர்பைக் கணக்கில் எடுக்கலாம். ஒன்றில் மட்டும் நின்றால் எடுக்காதீர்கள்.

உங்கள் நிராயண ஜாதகத்தின் தசாபுக்திப் பலன்களை இது தொடாது. திருமணம், வேலை எப்போது என்று கேட்பதற்கு டிராகோனிக் சக்கரத்தைப் பயன்படுத்த வேண்டாம். மகர லக்னமும் சிம்ம ராசியும் அந்த ஜாதகத்தில் அப்படியே இருக்கின்றன.