ஈர ஜடையில் சுருள் நிற்காது

கேள்வி: என் முடி இடுப்பு வரைக்கும் நேராக, அடர்த்தியாக இருக்கும். ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு இரண்டு ஜடை பின்னிப் படுக்கிறேன். காலையில் அவிழ்த்தால் அலை அலையாக அழகாக இருக்கிறது. பத்து மணிக்குள் பழையபடி நேராகிவிடுகிறது. அடுத்த மாதம் அக்காவின் கல்யாண வரவேற்பு, மாலை ஏழு மணிக்கு. முடிக்குச் சூடு காட்ட அம்மா விடமாட்டார். ஆன்லைனில் 899 ரூபாய்க்குச் சுருள் ரிப்பன் கிட் வருகிறது, வாங்கலாமா? (வாசகி, கடலூர்)

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கிட்டுக்குள் இருப்பது சாட்டின் துணி சுற்றிய ஒரு பஞ்சுக் குழலும் இரண்டு ரப்பர் வளையமும்தான். தோள் வரைக்கும் உள்ள மெல்லிய முடிக்கு அது ஓரளவு வேலை செய்யும். இடுப்பு வரை உள்ள அடர்த்தியான முடியை ஒரே குழலில் சுற்றினால், உள்ளே இருக்கிற முடி காய்வதற்குள் விடிந்துவிடும். அப்புறம் அந்த விளம்பர வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். ராத்திரி குழலைச் சுற்றிக்கொண்டு படுக்கிறார், காட்சி மாறுகிறது, காலையில் வேரிலிருந்து நுனி வரைக்கும் ஒரே அளவில் பளபளவென்று சுருள். அந்த இடைவெளியில் சூட்டுக் கருவி எதுவும் வரவில்லை என்று அதைப் பார்த்துப் பழகிய எங்களிடம் சொல்லாதீர்கள். குழலில் சுற்றிய நிஜச் சுருள் மேலே தளர்வாகவும் கீழே இறுக்கமாகவும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.

உங்கள் குறை முடியில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. முடி நனைந்ததும் அதற்குள் இருக்கிற ஒரு வகைப் பிணைப்பு விட்டுப்போகும். காயும்போது அந்த நேரத்தில் முடி எந்த வடிவத்தில் கிடக்கிறதோ, அதே வடிவத்தில் அந்தப் பிணைப்பு திரும்பக் கட்டிக்கொள்ளும். பருத்திச் சேலையில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்கிறதே, அந்த மாதிரி. நீங்கள் ஈரம் சொட்டச் சொட்ட ஜடை பின்னுகிறீர்கள். ஜடையின் வெளிப்பக்கம் காய்கிறது, நடுப்பகுதி காலையிலும் ஈரமாகவே இருக்கிறது. அவிழ்த்ததும் அந்த நடுப்பகுதி நேராகத் தொங்கிக்கொண்டே காய்கிறது, அதனால் நேராகவே கட்டிக்கொள்கிறது. மேல் முடியையும் தன் எடையால் கீழே இழுத்துவிடுகிறது. பத்து மணிக்கு நடப்பது இதுதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காலையில் அவிழ்ப்பதற்கு முன் ஜடையின் தடிமனான இடத்தை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் உதட்டுக்குத் தெரியும். சில்லென்று இருந்தால் உள்ளே காயவில்லை. அப்போது அவிழ்க்கக் கூடாது, மின்விசிறிக்கு அடியில் உட்காருங்கள்.

இன்னொன்று, ஜடை போட்டால் அலைதான் வரும், சுருள் வராது. மூன்று கால் பின்னல் முடியை இங்கும் அங்கும் மடிப்பதால் நெளி நெளியாக விழும். ஜடை முடிந்த இடத்துக்குக் கீழே நாலு விரல் முடி ஈர்க்குச்சி போல நேராக நிற்கும். கல்லூரிக்குப் போக அது போதும். மேடையில் நின்று போட்டோ எடுக்க உங்களுக்குத் தேவை துணி கட்டுவது. முடியை முறுக்கிக் கொண்டை போடும் வழியும் இருக்கிறது, ஆனால் இவ்வளவு நீள முடியில் கொண்டையின் நடு காயவே காயாது. அதை விட்டுவிடுங்கள்.

துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பருத்தி வேஷ்டிதான் இதற்குச் சரி. புதுத்துணி முரடாக இருக்கும், பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது. நாலு முழ வேஷ்டியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக வெட்டிவிட்டு, நீளவாக்கில் கையால் கிழியுங்கள். நூல் போகும் வழியில் நேராகக் கிழியும். இரண்டு அங்குல அகலத்தில் எட்டுத் துண்டுகள் வேண்டும். துண்டின் நீளம் முடியைப் போல் இரண்டு மடங்கும் முடிச்சுக்கு ஒரு சாணும் இருக்க வேண்டும். இடுப்பு வரை முடிக்கு நாலு முழம் கணக்காக வந்துவிடும்.

இப்போது நேரக் கணக்கு. வரவேற்புக்கு முந்தின நாள் மதியமே தலைக்குக் குளித்துவிடுங்கள், ராத்திரி வேண்டாம். அன்றைக்கும் அதற்கு முந்தின நாளும் எண்ணெய் வைக்காதீர்கள். கண்டிஷனரை நுனியில் மட்டும் கொஞ்சம் போட்டு நன்றாக அலசுங்கள், சீரம் தொடவே வேண்டாம். வழுக்கும் முடி சுருளைப் பிடித்து வைக்காது. ராத்திரி ஒன்பது மணிக்குள் முடி முக்கால்வாசிக்கு மேல் காய்ந்திருக்கும். தொட்டால் லேசான குளிர்ச்சி இருக்க வேண்டும், பிழிந்தால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். முழுசாகக் காய்ந்துபோயிருந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் கையில் தண்ணீர் தொட்டுத் தடவினால் போதும்.

பிடிமானத்துக்கு ஆளி விதை ஜெல் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு மேசைக்கரண்டி ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். கரண்டியைத் தூக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு போல இழையாக வழியும்போது இறக்கி, சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறினால் துணியில் இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். ஒரு பாகத்துக்குக் கொண்டைக்கடலை அளவுதான், அதற்கு மேல் போனால் காய்ந்ததும் வெள்ளைத் தூளாக உதிரும்.

கட்டுவதற்கு இன்னொருவர் கை வேண்டும், அம்மாவைக் கூப்பிடுங்கள். தலையை எட்டுப் பாகமாகப் பிரியுங்கள். துணியை இரண்டாக மடித்து, மடிப்பை ஒரு பாகத்தின் வேருக்குப் பக்கத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். ஒரு வாலை நேராகக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றி முடியைக் கொடி படர்வது போல நுனி வரைக்கும் சுற்றுங்கள். முடி ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பட்டையாகப் படிய வேண்டும். பிறகு இன்னொரு வாலை அந்த முடியின் மேல் சுற்றிக்கொண்டே இறக்கி, கீழே இரண்டு வாலையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். முடியின் நுனி துணிக்குள் அடங்கியிருக்க வேண்டும். வெளியே துருத்தினால் அந்த நுனி நேராகவே நிற்கும். நெற்றி ஓரத்தில் தோல் இழுபட்டால் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். தலைவலியோடு தூங்கினால் வேர்தான் நஷ்டப்படும்.

போன தை மாதம் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் உங்களைப் போலவே கேட்டு வந்தார், அதே இடுப்பு நீளம். முதல் தடவை அவர் தானாகவே ராத்திரி பதினொரு மணிக்குக் குளித்து, நாலே துணியில் கட்டி, காலை ஐந்தரைக்கு அவிழ்த்திருக்கிறார். எட்டு மணிக்கு எல்லாம் போச்சு. இரண்டாவது தடவை மதியம் குளித்து எட்டுத் துணி கட்டினோம். மறுநாள் காலையிலும் அவிழ்க்கவில்லை. மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டு வேலை பார்த்தார், மாலை நாலரைக்கு அவிழ்த்தார். ராத்திரி எட்டு மணிக்குக் கீழ்ப்பாதி சுருளாகவே இருந்தது, மேல்பாதி அலையாகத் தளர்ந்திருந்தது. கடலோரக் காற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. உங்கள் விசேஷமும் மாலைதான் என்பதால் நீங்களும் நாலரைக்கே அவிழ்க்கலாம். ராத்திரி கட்டினால் காலையில் அவிழ்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்டாக வேண்டும். முடி பிறவியிலேயே நேரா, பார்லரில் நேராக்கியதா? ரீபாண்டிங் செய்திருந்தால் மேலே சொன்னது அவ்வளவாகப் பலிக்காது. தண்ணீரில் விட்டுப் பிடிக்கிற பிணைப்பு ஒன்று என்றால், முடிக்குள் அதைவிட உறுதியான கந்தகப் பிணைப்பு இன்னொன்று உண்டு. ரீபாண்டிங் மருந்து அதையே உடைத்து நேராக நிறுத்திவிடுகிறது, துணி கட்டி வரும் சுருள் அதில் அதிக நேரம் நிற்காது. முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். பத்து மாதத்துக்கு முன்னால் செய்திருந்தால் வேரிலிருந்து நாலு அங்குலம் மட்டும் உங்கள் சொந்த முடி. அந்த நாலு அங்குலம் நெளியும், அதற்குக் கீழே சீக்கிரமே கயிறு போலத் தொங்கிவிடும், பார்க்க விகாரமாக இருக்கும். பிடரியில் ஒரு கற்றையை நனைத்து, துணியில்லாமல் தானாகக் காய விட்டுப் பாருங்கள். மேலே லேசான வளைவும் கீழே கோடு போட்ட மாதிரியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கெரட்டின் என்று சொல்லிச் செய்தது வேறு. அது பெரும்பாலும் மேல்பூச்சு, சில மாதங்களில் குளிக்கக் குளிக்கப் போய்விடும். அதுவரைக்கும் சுருள் பாதிதான் பிடிக்கும்.

சிக்கல் என்னவென்றால், என்ன செய்தார்கள் என்று செய்துகொண்டவர்களுக்கே தெரிவதில்லை. ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே ‘ஹேர் டிரீட்மென்ட்’ என்று பில். பத்து நாள் பயிற்சி, சுவரில் ஒரு சான்றிதழ், திங்கட்கிழமை கடை திறப்பு. காய்ச்சல் மாத்திரை விற்க உரிமம் கேட்கிற நாட்டில், தலையில் ரசாயனம் ஊற்றுகிறவரிடம் பாட்டிலின் பெயரை எழுதித் தா என்று கேட்க ஆளில்லை. நீங்களாவது கேளுங்கள். மண்டபத்தோடு சேர்த்து ‘பிரைடல் பேக்கேஜ்’ பேசித் தருகிறேன் என்று வருகிறவரிடம் இன்னும் உஷார். சூடில்லாத சுருள் என்று காசு வாங்கிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று அலங்கார அறையில் சூட்டுக் கம்பியை எடுத்த கதை நான் கண்ணால் பார்த்தது. கமிஷன் வாங்கியவர் அந்த நேரத்தில் போனை எடுக்கவில்லை.

அவிழ்க்கும்போது பிடரியிலிருந்து தொடங்குங்கள், முகத்தோரம் கடைசி. முடிச்சை அவிழ்த்து, வெளி வாலைப் பிரித்த பிறகு துணியை மேல்நோக்கி உருவுங்கள். சீப்பு வேண்டாம், விரலால் ஒவ்வொரு சுருளையும் இரண்டாகப் பிரித்தால் போதும். ஹேர்ஸ்பிரே ஒரு முழ தூரத்திலிருந்து லேசாக. வரவேற்புக்கு ஒரு வாரம் முன்னால் பிடரியில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் கட்டி ஒத்திகை பாருங்கள். எத்தனை மணிக்குத் தளர்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, மல்லிகைப்பூ. பூக்கடையில் தண்ணீர் தெளித்துத்தான் தருவார்கள். அந்தச் சரத்தை அப்படியே சுருளின் மேல் தொங்கவிட்டால், பூ பட்ட இடமெல்லாம் ஒரு மணி நேரத்தில் நேராகிவிடும். நன்றாக உதறி, துண்டில் ஒற்றி, ஒரு முழத்துக்கு மேல் போகாமல் உச்சிக்குப் பின்னால் குறுக்காகக் குத்துங்கள். சுருளின் மேல் தொங்கவிடாதீர்கள்.