லாச்சியில் கிடக்கும் செக்குக்குக் கணக்கு எங்கே?

“ஐயா, யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கட்டடப் பொருள் கடை வைத்திருக்கிறேன். கொந்தராத்துக்காரர் பின்திகதி போட்டுத் தரும் செக்கை லாச்சியில் வைத்து, திகதி வந்ததும்தான் புத்தகத்தில் ஏற்றுகிறோம். மாத முடிவில் கணக்குக் காட்டினால், ‘செக் தந்துவிட்டேனே, பிறகேன் முழுக்கடனும் நிற்குது?’ என்று சண்டைக்கு வருகிறார்கள். சில செக்கைக் கொழும்புக் கொம்பனிக்கே கைமாற்றிக் கொடுக்கிறோம், அதை எப்படி எழுதுவது என்றும் விளங்கவில்லை. நாங்கள் செய்வது பிழையா?”

பிழையில்லை. திகதி வராத செக்குக்கு வங்கி காசு தராது, அதனால் அதைக் கையிருப்பென்றோ வங்கி மீதியென்றோ எழுத முடியாது. வாடிக்கையாளர் அதுவரை உங்களுக்குக் கடன்காரர்தான். செக் வாங்கிய அன்றே அவர் கணக்கைக் குறைத்துவிடும் கடைகளும் உண்டு. அங்கே பேரேட்டில் கடன் பூச்சியமாக நிற்கும், அதைப் பார்த்து மறுபடியும் கடனுக்குச் சாமான் ஏற்றுவார்கள். பழைய செக்குகள் திரும்பி வரும்போதுதான் மொத்தத் தொகை தெரியவரும். உங்கள் முறை அந்தக் குழியில் விழாது.

உங்களிடம் இல்லாதது இன்னொரு கொப்பி. செக் கைக்கு வந்த அன்றே அதில் ஒரு வரி விழ வேண்டும்: வாங்கிய நாள், யாருடையது, எந்த வங்கி, செக் இலக்கம், செக்கில் உள்ள திகதி, தொகை, எந்தப் பில்லுக்கானது. கடைசியில் ஓர் அகலமான நிரல் விடுங்கள். அந்தச் செக்குக்கு என்ன நடந்தது என்பது அங்கே வரும்: வங்கியில் போட்டது, இன்னாரிடம் கொடுத்தது, திரும்பி வந்தது, வாடிக்கையாளரிடமே மீளக் கொடுத்தது. பலர் முதல் நிரல்களை ஒழுங்காக நிரப்பிவிட்டு இதை மட்டும் வெறுமையாக விட்டுவிடுவார்கள். பிறகு செக் லாச்சியில் கிடக்கிறதா, வெளியே போய்விட்டதா என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாவகச்சேரிக் கொந்தராத்துக்காரர் ஒருவர் பெப்ரவரி 10 அன்று 480,000 ரூபாவுக்குச் சீமெந்தும் கம்பியும் எடுக்கிறார். மார்ச் 10, ஏப்ரல் 10, மே 10 என்று திகதி போட்டு, தலா 160,000 ரூபாவுக்கு மூன்று செக் தருகிறார். அன்று பேரேட்டில் விற்பனை மட்டும்தான் ஏறும், அவர் பெயரில் 480,000 நிற்கும். மூன்று செக்கும் கொப்பிக்குப் போகும். மார்ச் 10 அன்று முதல் செக்கை வங்கியில் போட்டதும் வங்கிக் கணக்கு டெபிட், அவர் கணக்கு கிரெடிட். மீதி 320,000. மார்ச் 25 அன்று செக் எதுவும் தராமல் இன்னும் 90,000 ரூபாவுக்கு எடுக்கிறார். இப்போது மாத முடிவுக் கூற்றை இப்படிக் கொடுங்கள்:

உங்கள் கடன் மீதி: 410,000
எம்மிடமுள்ள, திகதி வராத செக்குகள்: 320,000
செக் தராத தொகை: 90,000

இரண்டாவது வரி கொப்பியிலிருந்து வருவது, மூன்றாவது முதல் வரியிலிருந்து அதைக் கழித்தது. இரண்டும் பேரேட்டைத் தொடுவதில்லை. வாடிக்கையாளர் தன் செக் கணக்கில் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறார், சண்டை அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அடுத்த கடன் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க நீங்கள் பார்க்க வேண்டியது முதல் வரியை. 410,000தான் உங்கள் ஆபத்து, 90,000 அல்ல. செக் வாங்கும்போது கொடுக்கும் ரசீதிலும் ‘செக் பணமானால் மட்டும் செல்லும்’ என்று எழுதி, செக் இலக்கத்தையும் திகதியையும் குறித்துவிடுங்கள்.

செக் திரும்பினால் பழைய பதிவை வெட்டக் கூடாது. திரும்பிய நாளில் அவர் கணக்கு டெபிட், வங்கி கிரெடிட் என்று புதிய பதிவு போடுங்கள். வங்கி உங்களிடம் பிடித்த கட்டணத்தை அவரிடம் அறவிடுவதென்றால் அதையும் அவர் பெயரில் ஏற்றுங்கள். யாருடைய செக் எத்தனை முறை திரும்பியது என்பது பேரேட்டிலேயே தெரிய வேண்டும். வெட்டிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

இனிக் கைமாற்றிய செக். கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் இது உங்கள் வங்கிக் கூற்றில் எந்த இடத்திலும் தெரியாது. ஏப்ரல் 10 செக்கைக் கொழும்புக் கொம்பனியின் ரெப்பிடம் மார்ச் 28 அன்று கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று பேரேட்டில் ஒன்றும் எழுத வேண்டாம். கொப்பியின் கடைசி நிரலில் யாரிடம், எந்த நாளில், எந்தப் பில்லுக்குக் கொடுத்தது என்று எழுதி, ரெப்பிடம் கையொப்பம் வாங்குங்கள். வாடிக்கையாளர் உங்களுக்குத் தர வேண்டியதும் நீங்கள் கொம்பனிக்குக் கொடுக்க வேண்டியதும் அப்படியே நிற்கட்டும். ஏப்ரல் 10 கழிந்து இரண்டு மூன்று வேலைநாளில் கொம்பனிக்கு ஒரு அழைப்பு எடுத்து, செக் பணமானதென்று உறுதியானதும் கொம்பனி கணக்கு டெபிட், வாடிக்கையாளர் கணக்கு கிரெடிட். நடுவில் வங்கி இல்லை. வாடிக்கையாளர் மீதி 250,000 ஆகிவிடும்.

அந்த அழைப்பை விடாதீர்கள். நான் கணக்குப் பார்த்த ஒரு கடையில், கைமாற்றிய செக் திரும்பிய செய்தி ரெப்பின் அடுத்த பயணத்தில்தான் வந்தது. அதற்குள் அதே ஆளுக்கு இன்னும் இரண்டு லோட் போயிருந்தது. பின்பக்கம் நீங்கள் கையொப்பம் வைத்துக் கொடுத்தால், செக் திரும்பும்போது கொம்பனி உங்களிடம்தான் கேட்கும். ‘அக்கவுண்ட் பேயி ஒன்லி’ என்று குறுக்குக் கோடிட்ட செக்கை யாருக்கும் கைமாற்ற வேண்டாம். உங்கள் கணக்கில்தான் போட வேண்டும்.

டாலி கணக்கு மென்பொருள் பாவிப்பதென்றால் ரசீது வவுச்சரில் செக்கின் திகதியைப் போட்டு `Ctrl+T` அழுத்தினால் அது பின்திகதிப் பதிவாகி, திகதி வரும்வரை பேரேட்டைத் தொடாது. வசதிதான். ஆனால் திகதி வந்ததும் அது தானாகவே ஏறிவிடும். வாடிக்கையாளர் அழைத்து ‘ஒரு கிழமை பொறுத்துப் போடுங்கோ’ என்றிருப்பார், செக் லாச்சியில் கிடக்கும், புத்தகமோ வங்கியில் போட்டாயிற்று என்று சொல்லும். ஆகவே பொறுக்கச் சம்மதித்தால் அன்றே வவுச்சர் திகதியை மாற்றிவிடுங்கள், கொப்பியிலும் புதிய நாளைக் குறியுங்கள். செக்கில் உள்ள திகதியை நீங்கள் பேனாவால் திருத்த வேண்டாம், நெடுநாள் என்றால் புதுச் செக் வாங்குங்கள். செக்கின் திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்தால் வங்கி அதை ஏற்காது.

கிழமைக்கு ஒருநாள் லாச்சிச் செக்குகளை எண்ணி, கொப்பியில் கடைசி நிரல் வெறுமையாக உள்ள வரிகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். ஒருவருடைய திகதி வராத செக்குகளின் மொத்தம் அவரது கடன் மீதியை விடக் கூடி நின்றால், ஏதோ ஒரு பில் ஏறாமல் விடுபட்டிருக்கிறது, அல்லது போட்ட செக்கைக் கொப்பியில் மூடவில்லை, அல்லது அவர் முற்பணமாகச் செக் தந்திருக்கிறார். மூன்றில் எது என்று அன்றே தேடுங்கள்.

மார்ச் 31 அன்று கணக்கை மூடும்போதும் இதே கதைதான். 320,000 ரூபா செக்கும் கடன்பட்டோருக்குள் நிற்கும், காசுக்குள் போகாது. கணக்காய்வாளருக்குக் கொப்பியின் பிரதியைக் கொடுங்கள். அவர் ஏப்ரல், மே மாத வங்கிக் கூற்றுகளை வைத்து எது பணமானது, எது திரும்பியது என்று பார்ப்பார். கணக்கு முடிவாகும் முன்பே ஏப்ரல் செக் திரும்பிவிட்டால், மார்ச் 31 மீதியிலேயே அந்த ஆளின் கடனுக்கு ஐயக்கடன் ஏற்பாடு வேண்டுமா என்று அவரோடு பேசுங்கள்.