தாண்டுவதில் 92, தூக்குவதில் 65

கேள்வி: ஐயா, எனக்கு 22 வயது. கபடியில் ரெய்டராக ஆடுகிறேன். ஜூன் மாதம் மேட் விரிப்பில் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும்போது இடது முழங்காலில் ‘டப்’பென்று சத்தம் கேட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுந்துவிட்டது என்றார்கள். ஜூலை 20 அன்று தொடையின் பின்பக்கத்திலிருந்து நாண் எடுத்து வைத்து ஆபரேஷன் செய்தார்கள். முழங்காலின் குருத்தெலும்புத் தட்டான மெனிஸ்கஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது வலி இல்லை, மூன்று கிலோமீட்டர் ஓடுகிறேன். போன வாரம் பிசியோ சோதித்தபோது ஒற்றைக்காலில் தாண்டிய தூரம் வலது 150 செ.மீ., இடது 138 செ.மீ. மெஷினில் காலை நீட்டித் தூக்கிய எடை வலது 48 கிலோ, இடது 31 கிலோ. அடிபடுவதற்கு முன் இரண்டு காலிலும் 55 கிலோ தூக்குவேன். பொங்கல் போட்டிக்கு அணியில் கூப்பிடுகிறார்கள். நீ-கேப் போட்டுக்கொண்டு ஆடலாமா?
(வாசகர், தேனி மாவட்டம்)

பதில்: அன்புள்ள தம்பிக்கு, பொங்கலுக்கு ஆட வேண்டாம். உங்கள் முழங்கால் நன்றாகவே தேறி வருகிறது. ஆனால் கபடி கேட்கும் இடத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அதற்கான சான்று நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே இருக்கிறது.

தாண்டும் தூரத்தை முதலில் பார்ப்போம். 150-க்கு 138 என்றால் இடது கால் வலது காலில் 92 சதவீதம் வந்துவிட்டது. மறுபடி ஆடுவதற்கு 90 சதவீதம் போதும் என்று பல இடங்களில் சொல்வதால், உங்களுக்கும் அணியினருக்கும் நம்பிக்கை பிறந்தது இயல்பே. ஆனால் எடை தூக்கிய கணக்கில் 48-க்கு 31 என்பது 65 சதவீதம்தான். ஒரே காலில் ஒரே வாரத்தில் எடுத்த இரண்டு அளவுகள் இத்தனை விலகி நிற்பது எப்படி? முன்னோக்கித் தாண்டும்போது உடலை உந்தித் தள்ளுவதில் பெரும்பங்கு இடுப்புக்கும் கணுக்காலுக்கும் உரியது. முழங்கால் பலவீனமாக இருந்தால் அந்த இரண்டும் அதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும், டேப்பில் தூரம் குறையாது. மெஷினில் உட்கார்ந்து காலை நீட்டும்போதோ இடுப்பும் கணுக்காலும் உதவிக்கு வர வழியில்லை. தொடையின் முன்பக்கத் தசையான குவாட்ரிசெப்ஸ் தனியாக நின்று கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டில் 65-ஐத்தான் நம்ப வேண்டும்.

அந்த 65-உம் கொஞ்சம் தாராளமான எண்தான். இந்த ஐந்தரை மாதங்களில் உங்கள் வலது காலும் ஓய்ந்துதான் இருந்திருக்கிறது. 55 கிலோ தூக்கிய கால் இப்போது 48-க்கு இறங்கிவிட்டது. இளைத்துப்போன ஒரு காலோடு ஒப்பிட்டு மற்றதற்கு மதிப்பெண் போடுகிறோம். பழைய 55-ஐ வைத்துக் கணக்கிட்டால் இடது காலுக்குக் கிடைப்பது 56 சதவீதம். அடிபடுவதற்கு முந்தைய அளவு கையில் இருக்கும் வீரர்கள் மிகக் குறைவு, உங்களிடம் அது இருப்பது நல்லதாகப் போயிற்று. இனிமேல் வலது காலைப் பார்க்காமல் அந்த 55-ஐயே குறியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 90 சதவீதம் என்ற கணக்கில் இரண்டு கால்களும் 50 கிலோவைத் தொட வேண்டும்.

இந்தத் தசையைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ரெய்டு முடித்து நடுக்கோட்டுக்குத் திரும்பும் அந்த நொடியில், ஓடி வந்த வேகம் முழுவதையும் ஊன்றிய காலில் முழங்காலை மடக்கித்தான் நிறுத்துகிறீர்கள். குவாட்ரிசெப்ஸ் அந்தச் சுமையை ஏற்கவில்லை என்றால் முழங்கால் மடங்காமல் விறைத்து நிற்கும், அல்லது உள்பக்கமாகச் சரியும். ஏ.சி.எல். அறுவது பெரும்பாலும் அந்த நிலையில்தான். முதல் தடவை உங்களுக்கு நேர்ந்ததும், யாரும் பிடிக்காமல், திரும்பும்போதுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது வலி. வலி இல்லை என்பதை, அறுந்ததற்குப் பதிலாக வைத்த நாண், அதாவது ஒட்டு, தேறியதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. தொடையிலிருந்து எடுத்த நாணை எலும்புத் துளைக்குள் பொருத்தும்போது அதில் இரத்த ஓட்டமும் இல்லை, உணர்வு நரம்பின் தொடர்பும் இல்லை. பிறகு புதிய இரத்தக் குழாய்கள் அதற்குள் நுழைந்து, பழைய இழைகளைக் கரைத்துப் புதிய இழைகளைப் பின்னுகின்றன. இதனால் ஒட்டு வைத்த நாளில் இருந்த உறுதி நடுவில் குறைந்து, பிறகுதான் ஏறுகிறது. விலங்குகளில் செய்த ஆய்வுகளின்படி அது மிகவும் நலிந்திருப்பது ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. தையல் ஆறி, வீக்கம் வடிந்து, ஊன்றுகோலையும் தூக்கிப் போட்டுவிட்டு ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று நோயாளி சொல்லும் காலமும் அதுவேதான். அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் ஒட்டு முதிர்வது ஒரு வருடத்துக்கு மேலும் நீளும் வேலை.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 106 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நாங்கள் அடிக்கடி எடுத்துப் பார்ப்போம். ஒன்பது மாதம் வரை, மறுபடி ஆடப்போவதை ஒவ்வொரு மாதம் தள்ளிவைக்கும்போதும் முழங்காலில் மீண்டும் காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு காத்திருந்ததில் அப்படிக் கூடுதல் பயன் தெரியவில்லை. தசை வலிமை, தாண்டல் முதலிய தேர்வுகளில் தேறாமலேயே ஆடப் போனவர்களில் 38 சதவீதம் பேருக்கு மீண்டும் காயம் பட்டது. தேறியவர்களில் அது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. சிறிய ஆய்வுதான், எனினும் அது காட்டும் திசையில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்களுக்கு ஒன்பது மாதம் முடிவது ஏப்ரல் 20. அந்த நாளும் வர வேண்டும், தேர்விலும் தேற வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

இனி வரும் மாதங்களைச் சொல்கிறேன். பிப்ரவரி முடியும் வரை பெரும்பகுதி நேரம் ஜிம்மிலேயே போகட்டும். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இடது காலுக்குத் தனியாகக் கால் நீட்டல், லெக் பிரஸ், ஒற்றைக்கால் ஸ்குவாட் ஆகியவற்றைச் செய்யுங்கள். எட்டு தடவைக்கு மேல் தூக்க முடியாத அளவுக்கு எடை இருக்க வேண்டும். நம் ஊரில் மிக அதிகமாகக் காணும் தவறு, ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு தினமும் நூறு தடவை காலை ஆட்டுவது. அதனால் வியர்க்கும், வலிமை ஏறாது. உங்களுக்கு நாண் எடுத்தது தொடையின் பின்பக்கத்திலிருந்து என்பதால், குப்புறப் படுத்துக் குதிகாலைப் புட்டம் வரை மடக்கும் பயிற்சியும் தேவை. ஆழமாக மடக்கும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் பலவீனம் வெகுநாள் ஒளிந்திருக்கும். கணுக்காலைப் பிடித்தவனிடமிருந்து காலை உருவிக்கொள்ள அந்தப் பலம்தான் வேண்டும்.

பயிற்சியின் அளவு சரியா என்பதை மறுநாள் காலையில் முழங்காலே சொல்லிவிடும். கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். முழங்காலின் உள்பக்கப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துத் தொடை நோக்கி இரண்டு மூன்று தடவை அழுத்தித் தடவுங்கள். பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவிக்கொண்டே உள்பக்கப் பள்ளத்தைக் கவனியுங்கள். அங்கே சிறு அலைபோல் ஏதாவது உப்பி வந்தால் மூட்டுக்குள் நீர் சேர்ந்திருக்கிறது, நேற்றைய பயிற்சி அதிகம் என்று பொருள். வீங்கிய முழங்கால் குவாட்ரிசெப்ஸ் தசையைச் சரியாக இயங்கவிடாது. ஆகவே ஐஸ் வைத்து, நீர் வடியும் வரை ஓட்டத்தையும் தாண்டலையும் நிறுத்திவிடுங்கள். மற்றொரு சோதனை: குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். இடது குதிகால் வலதைவிட உயரமாக நின்றால், அந்தக் கால் முழுதாக நீளவில்லை. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் நீட்டலில் ஏறக்குறைய ஒரு பாகை குறைவு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருந்தால் அதை முதலில் பிசியோவிடம் காட்டிவிட்டு, பிறகு எடையைக் கூட்டுங்கள்.

மார்ச் தொடக்கத்தில் இடது கால் 45 கிலோ அளவுக்கு வந்திருந்தால் மைதான வேலையைத் தொடங்கலாம். நேராக ஓடி நிற்பது முதலில். பிறகு சாய்வாகத் திரும்புவது, அதற்குப் பிறகு செங்கோணமாகவும் முழுதாகவும் திரும்புவது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும் வரை எல்லோரும் அழகாகத்தான் திரும்புவார்கள். கடைசி நொடியில் ஒருவர் கையைக் காட்டி ‘இந்தப் பக்கம்’ என்று சொல்லும்போது முழங்கால் என்ன செய்கிறது என்பதே கேள்வி. நண்பர் ஒருவரை எதிரே நிறுத்திச் செல்போனில் மெதுவேக வீடியோ எடுத்து, ஊன்றும்போது முழங்கால் உள்ளே சரிகிறதா என்று பாருங்கள்.

ஏப்ரலில் மேட் விரிப்புக்குப் போகலாம். முதல் வாரம் யாரும் தொடாமல் பாடிச் சென்று திரும்புங்கள். அடுத்து ஒருவர் மட்டும் இடுப்பைப் பிடிக்கட்டும்; பிறகு இருவர் கைகோத்துப் பிடிக்கலாம். கணுக்கால் பிடி எல்லாவற்றுக்கும் கடைசி. பாதம் பிடியில் மாட்டி உடல் மட்டும் திரும்பும்போது முழங்காலின் மேல் விழும் முறுக்கு வேறு எந்தப் பிடியிலும் அவ்வளவு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு ரெய்டருக்கு எல்லா எண்களும் சரியாக இருந்தன. கணுக்கால் பிடியைப் பயிற்சியில் ஒருமுறைகூட அனுபவிக்காமல் அவரைப் போட்டிக்கு அனுப்பிவிட்டேன். காயம் படவில்லை, ஆனால் கார்னர் வீரர் குனிந்தாலே கால் கூசி, ஆட்டம் முழுவதும் கோட்டு ஓரத்திலேயே நின்று திரும்பிவிட்டார். அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

முழு அணிப் பயிற்சியில் மூன்று நான்கு வாரம் வீக்கமில்லாமல் ஆடிய பிறகு, முதல் போட்டியில் ஒரு பாதி மட்டும் இறங்குங்கள். உங்கள் கணக்கில் அது மே மாத நடுவில் வரும். இடையில் எப்போதாவது முழங்கால் பிடி விட்டதுபோல் நழுவினாலோ, நீட்டவோ மடக்கவோ முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரைப் பாருங்கள்.

நீ-கேப் பற்றிக் கேட்டீர்கள். அந்தத் துணி உறை சூடு தரும், முழங்கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வைக் கொஞ்சம் கூட்டும், முறுக்கைத் தடுக்காது. அணியினரிடம் மே மாதம் என்று சொல்லிவிடுங்கள். பொங்கல் போட்டியன்று ஜிம்முக்குப் போகும் முறை வந்தால், அதை முடித்துவிட்டு ஆட்டம் பார்க்கப் போங்கள்.