மருந்து போட்டு மூணு வாரம் ஆச்சு, ராத்திரி அரிப்பு மட்டும் நிக்கவே இல்ல

"டாக்டர், ரெண்டு ரூம் வீட்ல ஏழு பேர் இருக்கோம். மாமனார், மாமியார், நாங்க ரெண்டு பேர், கொழுந்தனார், ஆறு வயசுப் பையன், எட்டு மாசக் குழந்தை. பையனுக்கு விரல் இடுக்குல ஆரம்பிச்ச அரிப்பு எனக்கும் அவருக்கும் பாப்பாவுக்கும் வந்துச்சு. சிரங்குன்னு சொல்லி பெர்மெத்ரின் க்ரீம் எழுதிக் குடுத்தாங்க, ரெண்டு ட்யூப் வாங்கி நாங்க நாலு பேரும் ஒரு தடவ தடவினோம். மாமியார் மெடிக்கல்ல குடுத்த வேற க்ரீம் போடுறாங்க. மாமனாருக்கும் கொழுந்தனாருக்கும் அரிப்பே இல்ல. மூணு வாரம் ஆயிடுச்சு, ராத்திரி தூக்கமே இல்ல. மருந்து போலியா? தினமும் தடவலாமா?"

மருந்து போலியா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, தினமும் தடவாதீங்க. பெர்மெத்ரின திரும்பத் திரும்பத் தடவினா தோல் காஞ்சு எரிஞ்சு அதுவே ஒரு அரிப்பக் கொண்டு வந்துடும், அப்புறம் எது பூச்சி அரிப்பு எது மருந்து அரிப்புன்னு எனக்கே குழம்பும்.

உங்க லெட்டர்ல என் கண்ண உறுத்துனது அரிப்பே இல்லாத அந்த ரெண்டு பேர்தான். சிரங்குப் பூச்சி தோலுக்குள்ள போன அன்னைக்கே அரிக்காது. பெண் பூச்சி அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, தோலோட மேல் அடுக்குல வளை தோண்டிக்கிட்டே தினமும் ரெண்டு மூணு முட்டை போடும், அரிப்பு வர்றது அதோட கழிவுக்கும் முட்டைக்கும் நம்ம உடம்பு காட்டுற அலர்ஜியால, அந்த அலர்ஜி உருவாகவே முதல் தடவைன்னா நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் உடம்புல பூச்சி இருக்கும், அடுத்தவங்களுக்கும் பரவும், ஆனா சொறியவே மாட்டாங்க. ஏற்கனவே ஒரு தடவ வந்தவங்களுக்கோ மறுபடி ஏறினா ஒண்ணு ரெண்டு நாள்லயே அரிச்சிடும். இப்ப உங்க வீட்ல என்ன நடந்திருக்கலாம்னு பாருங்க: நாலு பேர் மருந்து போட்டு பூச்சியக் கொன்னீங்க, பையன் தாத்தா பக்கத்துல படுத்திருப்பான், இல்ல பாப்பாவ சித்தப்பா மணிக்கணக்கா தோள்ல போட்டுத் தூங்க வெச்சிருப்பார், பூச்சி திரும்பி வந்துடுச்சு.

ராத்திரிதான் அரிப்பு ஜாஸ்தி, ஏன்னா படுக்கைச் சூட்டுல பூச்சி சுறுசுறுப்பா இருக்கும், நமக்கும் கவனம் வேற எங்கயும் போகாது. பொதுவா ஒரு ஆளோட உடம்பு முழுக்கத் தேடினாலும் பெரிய பூச்சி பத்து பதினஞ்சுதான் இருக்கும். இரண்டாம் உலகப்போர் சமயம் இங்கிலாந்துல ஷெஃபீல்டுல கென்னத் மெலன்பின்னு ஒருத்தர், சிரங்கு வந்த சிப்பாய்ங்களோட துணியையும் கம்பளியையும் தன்னார்வலர்களுக்குக் குடுத்துப் படுக்க வெச்சுப் பார்த்தார், துணி வழியா ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் தொத்துச்சு, பக்கத்துல பக்கத்துல படுக்குறதுலதான் சுலபமா ஏறுச்சு. அதனால வீடு பூரா ஸ்ப்ரே அடிக்கிறது, மெத்தையக் கொளுத்துறது எல்லாம் வேணாம், ஒரே பாயில படுக்குற ஆளுங்கதான் முக்கியம்.

இப்ப செய்ய வேண்டியது. ஏழு பேரும் ஒரே ராத்திரி தடவணும், அரிப்பு இருக்கோ இல்லையோ. கொழுந்தனாருக்கு நைட் ஷிஃப்ட் இருந்தா லீவ் நாளாப் பாத்து வைங்க, அன்னைக்கு அவர் வரலேன்னா எல்லாருக்கும் தள்ளிப் போடுங்க. பெரியவங்களுக்கு ஆளுக்கு சுமார் 30 கிராம், அதாவது ஒரு சின்ன ட்யூப் முழுசா, பையனுக்கு அதுல பாதி, பாப்பாவுக்கு அதவிடக் கம்மி. கூட்டிப் பாத்தா ஒரு ரவுண்டுக்கே ஆறு ட்யூப் வருது, நீங்க ரெண்டு வெச்சு நாலு பேருக்கு ஓட்டியிருக்கீங்க. செலவு தாங்காதுன்னா அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுல குடும்பத்தோட போய்க் காட்டுங்க, மாத்திரை சரிப்படுமான்னும் அங்கயே கேளுங்க. ஐவர்மெக்டின் மாத்திரை எடைக்குத் தக்கபடி ரெண்டு டோஸ், 15 கிலோவுக்குக் கீழ உள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் குடுக்குறது இல்ல, நீங்களா வாங்கிப் போடாதீங்க.

சுடுதண்ணில குளிச்ச கையோட தடவாதீங்க, உடம்பு ஆறிக் காஞ்சிருக்கணும். கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும், விரல் இடுக்கு, தொப்புள், இடுப்புல கயிறு கட்டுற இடம், அக்குள், பிறப்புறுப்பு, நகத்துக்கு அடியில, ஒண்ணும் விடாம. பாப்பாவுக்கும் வயசான மாமனார் மாமியாருக்கும் தலை, காது பின்னாடி, நெத்தியும் சேத்து, கண்ணு வாய் பக்கம் மட்டும் போகாதீங்க. பாப்பா கையச் சப்பாம இருக்க சாக்ஸ் மாட்டி விடுங்க. நீங்க பால் குடுக்குறதா இருந்தா மார்புல தடவினதத் துடைச்சிட்டுக் குடுத்து மறுபடி தடவுங்க. எட்டு முதல் பதினாலு மணி நேரம் இருக்கணும். நடுவுல பாத்திரம் தேச்சா கைக்குத் திரும்பத் தடவணும், பெரும்பாலான பூச்சி கையிலயும் மணிக்கட்டுலயும்தான் இருக்கும், பல பேர் இத மறந்துடுறாங்க.

ஏழாவது நாள் இதே மாதிரி இன்னொரு ரவுண்டு, முதல் தடவ தப்பிச்ச முட்டை அதுக்குள்ள பொரிஞ்சிருக்கும்ல, அதுக்காக. நீங்க இத செய்யவே இல்ல. ரெண்டு தடவையும் மறுநாள் காலைல கடைசி மூணு நாள்ல போட்ட துணி, போர்வை, தலையணை உறை எல்லாத்தையும் சுடுதண்ணில துவைச்சு நல்ல வெயில்ல காயப்போடுங்க, துவைக்க முடியாதத ப்ளாஸ்டிக் கவர்ல கட்டி ஒரு வாரம் ஓரமா வைங்க, மனுஷன் உடம்ப விட்டுட்டா பூச்சி ரெண்டு மூணு நாளைக்கு மேல தாங்காது.

மாமியார் போடுறது அனேகமா ஸ்டீராய்டு கலந்த படை மருந்து. ரெண்டு நாள் சுகமா இருக்கும், அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூச்சி நிம்மதியாப் பெருகும், தோலோட உருவமே மாறிப் போறதால டாக்டருக்கும் சிரங்குன்னு தெரியாது. அத முதல்ல நிறுத்தச் சொல்லுங்க.

இவ்வளவு செஞ்சாலும் அரிப்பு அடுத்த நாளே நிக்காது, இத முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. செத்த பூச்சி, முட்டை ஓடு, கழிவு எல்லாம் தோலோட மேல் அடுக்குலயே கிடக்கும், அந்தத் தோல் உதிர்ந்து புதுசு வர்ற வரைக்கும் அலர்ஜி விடாது, ரெண்டு வாரம் முதல் நாலு வாரம் வரைக்கும் போகும், சிலருக்கு ஆறு வாரம். அக்குள், விதைப்பை மாதிரி இடத்துல வர்ற கெட்டியான சிவப்பு முடிச்சு மாசக்கணக்குல கூட இருக்கும், அதுல உயிரோட பூச்சி இருக்குன்னு அர்த்தம் இல்ல. மாய்ஸ்சுரைசர், தேங்காய் எண்ணெய் நல்லாத் தடவுங்க, தூங்க முடியலேன்னா ராத்திரிக்கு மட்டும் அலர்ஜி மாத்திரை டாக்டர்ட்டக் கேட்டு எடுங்க, பாப்பாவுக்குக் கேக்காம எதுவும் குடுக்காதீங்க.

மீதி அரிப்பா மறுபடி பூச்சியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அரிப்பு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சா, புதுசா கொப்புளம் இல்லேன்னா, மீதி அரிப்பு. விரல் இடுக்கு, மணிக்கட்டுல புதுசா மெல்லிசா வளைஞ்ச கோடு, அதோட நுனில ஒரு புள்ளி தெரிஞ்சா பூச்சி. பழைய டாக்டருங்க அந்த இடத்துல ஃபவுண்டன் பேனா இங்க்கத் தேச்சு ஸ்பிரிட் பஞ்சால துடைப்பாங்க, மேல இருக்குற இங்க் போயிடும், வளைக்குள்ள இறங்கினது மட்டும் ஒரு குட்டிக் கோடா நிக்கும். நானும் லென்ஸ் கையில இல்லாத கேம்ப்ல பல தடவ இப்படிப் பாத்திருக்கேன்.

ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சு நாலு வாரத்துக்கு மேலயும் அரிப்பு குறையலேன்னா ஏழு பேரும் மறுபடி வந்து காட்டணும். சொறிஞ்ச புண்ணுல சீழ் வெச்சு காய்ச்சல் வந்தாலோ, பையனுக்கு முகம் வீங்கி மூத்திரம் கட்டன் டீ கலர்ல போனாலோ நாலு வாரம்லாம் காத்திருக்காதீங்க, அது சிரங்கு மேல ஏறுன கிருமி சிறுநீரகத்தத் தொட்டதா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.