இரண்டு பேருக்கும் தலையாட்டினால்

கேள்வி: ஆத்தங்குடிப் பக்கம், தரைக்குப் பதிக்கிற பூப்போட்ட கல் செய்யும் ஒரு பூக்கல் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வண்ணம் ஊற்றும் அண்ணன் டீ நேரத்தில் வந்து, தொட்டி வேலை பார்க்கும் அக்காவைப் பற்றிக் குறை சொல்கிறார். சாயங்காலம் அந்த அக்கா வந்து அண்ணனைப் பற்றிச் சொல்கிறார். இருவரும் எனக்கு வேண்டியவர்கள். இப்போது இருவருமே "நீயே சொல்லு, யார் மேல தப்பு?" என்று கேட்கிறார்கள். யார் மனமும் நோகாமல் எப்படி ஒதுங்குவது?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நோகாமல் ஒதுங்கும் காலம் போய்விட்டது, தங்கச்சி. எத்தனை நாள் தலையாட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஆட்டாத ஆளிடம் யாரும் மறுநாளும் வந்து உட்கார மாட்டார்கள். அண்ணன் கணக்கில் நீங்கள் அண்ணன் பக்கம், அக்கா கணக்கில் அக்கா பக்கம். இருவரும் ஒருநாள் பேசிக்கொண்டால் நீங்கள் யார் பக்கமும் இல்லை என்று நினைக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் பேசியவள் என்றுதான் நினைப்பார்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த ஓர் அச்சகத்தில் அச்சுக் கோப்பவருக்கும் பிழை திருத்துபவருக்கும் ஆகாது. இருவரும் என் மேஜைக்கு வருவார்கள். நான் "ம்" கொட்டிக்கொண்டே என் வேலையைப் பார்ப்பேன். ஒருநாள், பேச்சை முடித்து அனுப்பிவிடலாம் என்று, "அவர் கொஞ்சம் அப்படித்தான், விடுங்க" என்றேன். சமாதானம் சொன்னதாகத்தான் என் நினைப்பு. மறுநாள் காலையில் அது, "ஆசிரியரே சொல்லிட்டாரு, நீ அப்படிப்பட்ட ஆளுதான்னு" என்று போய்ச் சேர்ந்திருந்தது. பிழை திருத்துபவர் ஒரு மாதம் என்னிடம் புரூப்பைக் கையில் கொடுக்கவில்லை, மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.

ஆகவே ஒதுங்குகிற சொல்லை, குறை ஆரம்பிப்பதற்கு முன் சொல்ல வேண்டும். முழுக் கதையையும் கேட்டுவிட்டு "எனக்கு எதுக்கு வம்பு" என்றால், சொன்னவருக்கு அது தீர்ப்பு மாதிரிதான் கேட்கும். நாளைக்கு அண்ணன் டீ கிளாஸோடு வந்து "இந்தப் பிள்ளை இருக்கே..." என்று இழுத்ததுமே சொல்லுங்கள்:

"அண்ணே, இதை அக்காகிட்டயே சொல்லிருங்க. யார் மேல தப்புன்னு நான் சொல்லப் போறதில்ல. அக்கா வந்தாலும் இதையேதான் சொல்லுவேன்."

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், "அக்கா இவளை மடக்கிவிட்டாள்" என்றுதான் அண்ணன் நினைப்பார். அதே நாளில் அக்காவிடமும் அதே சொற்களைச் சொல்லிவிடுங்கள். அண்ணனிடம் திங்கட்கிழமையும் அக்காவிடம் வியாழக்கிழமையும் சொன்னால், நடுவில் உள்ள நாளெல்லாம் நீங்கள் அக்கா கட்சி.

நல்ல மனசுக்காரர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அண்ணன் குறை சொல்லும்போது "அக்கா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாங்கண்ணே" என்று சொல்லத் தோன்றும். அது நடுநிலை இல்லை, அக்காவுக்கு வக்கீல் வேலை. "சரி, நான் சொல்லிப் பார்க்கிறேன்" என்பது அதைவிட மோசம். சொன்னதில் பாதியை விழுங்கி, மீதியை மென்மையாக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள். அக்கா கேட்பது உங்கள் சொல்லாக இருக்கும், கோபம் மட்டும் அண்ணன் மேல் வரும். "நான் சொன்னேன்னு சொல்லாதே" என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஒப்பந்தத்துக்கு நீங்கள் சரி சொன்ன பிறகு, உண்மையைச் சொன்னால் துரோகம், மறைத்தால் கூட்டு.

சரி, சண்டை எதைப் பற்றி? நீங்கள் எழுதவில்லை. பூக்கல் பட்டறை என்பதால் ஊகிக்கிறேன்: கல் கெட்டுப்போகிறது, யாரால் என்பதுதான் வழக்கு. கண்ணாடி மேல் சட்டத்தையும் அச்சையும் வைத்து வண்ணம் ஊற்றுவது அண்ணன். மணலும் சிமெண்டும் போட்டு இறுகிய கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாள் பார்த்து எடுப்பது அக்கா. "கலவையை நீர்க்க விடுறான்" என்பது அக்கா கட்சி. "ஊறுறதுக்குள்ள தூக்கிடுறா" என்பது அண்ணன் கட்சி. இதற்கு உங்கள் தீர்ப்பே வேண்டாம், கல்லே பாதி சொல்லிவிடும். வண்ணம் நீர்த்திருந்தால் பூவின் கோடு தாண்டி ஒரு நிறம் இன்னொன்றில் கசியும். ஊறல் போதாவிட்டால் சிமெண்ட் பலம் பிடிக்காது, கையாளும்போது ஓரம் உதிரும். கோடு கசிவதும் ஓரம் உதிர்வதும் வேறு வேறு கோளாறு. ஒரே நடையில், அதாவது ஒரே தடவையில் போட்ட கல்லில், இரண்டும் இருந்தால் இருவருக்கும் பங்கு உண்டு. மணலே சரியில்லாமல் இருக்கவும் கூடும், அப்போது இருவருமே பாவம்.

இங்கே உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, கணக்கு எழுதுகிறவர் என்பதால். எந்த நடை எந்தத் தேதி தொட்டியில் இறங்கியது, எந்தத் தேதி ஏறியது, எத்தனை கல் எதனால் கழிந்தது என்று நோட்டில் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். கழிந்த கல்லில் "கசிவு", "ஓரம்" என்று ஒரு சொல் போதும். முதலாளி கேட்டால் நோட்டைக் காட்டுங்கள். கண்ணால் பார்த்த தேதியைச் சொல்வது பக்கம் சாய்வது ஆகாது. "அவங்க எப்பவும் அப்படித்தான்" என்பதுதான் சாய்வது. கேட்கும்போது தேதியையும் மறைத்தீர்களானால், நடுநிலை என்ற பெயரில் ஒருவரை மாட்டிவிடுகிறீர்கள்.

இன்னொன்று. அக்கா சொல்வது வேலையைப் பற்றியதாக இல்லாமல், அண்ணனின் கையைப் பற்றியோ வாயைப் பற்றியோ இருந்தால் மேலே எழுதியதெல்லாம் செல்லாது. அது இருவர் சண்டை இல்லை. "அவரிடமே சொல்லுங்கள்" என்று அனுப்பக் கூடாது. வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவானால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பதால் "பொறுமையா இரு" என்று நாளைக் கடத்தாதீர்கள். யாராவது பணத்தில் கை வைக்கிறார்கள் என்றாலும், காயம் படும்படி வேலை வாங்குகிறார்கள் என்றாலும் அப்படித்தான், நேரே முதலாளியிடம் போங்கள்.

மற்றபடி, அண்ணன் ஒரு வாரம் உங்கள் மேஜைப் பக்கம் வராமல் இருக்கலாம். அக்காவும் "பெரிய மனுஷி ஆயிட்டா" என்று சொல்லலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்துபாருங்கள்: டீயை உங்கள் மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லாமல், தொட்டிப் பக்கம் மூவரும் நிற்கிற இடத்துக்கு வரச் சொல்லுங்கள். அங்கே வைத்து அண்ணன் அக்காவைப் பற்றி உங்களிடம் சொல்வது கஷ்டம். அக்காவிடமேதான் சொல்ல வேண்டியிருக்கும்.